போயிட்டு வாரோம்னு சொன்னோம்: பழனியிலிருந்து ஊருக்கு நடந்த ஆறு நாள்

பிப்ரவரி 11, செவ்வாய், பழனி

இன்று தைப்பூசம். 693 படியும் ஏறி இறங்கியாகிவிட்டது. காவடி இறக்கி, தரிசனம் முடிந்து, அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துத் தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறோம். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து கிளம்பியவர்கள் 46 பேர். அதில் 25 பேர் இன்று ராத்திரியே பஸ் ஏறுகிறார்கள். மீதி 21 பேர் நடந்தே திரும்புகிறோம். நகரத்தார் காவடிகள் போகும்போதும் நடை, வரும்போதும் நடை என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்துத்தான் எங்கள் குருசாமியும் சில வருஷமாக ஒரு சின்னக் கூட்டத்தைத் திருப்பி நடத்திக் கூட்டிவருகிறார். நான் திரும்பி நடப்பது இதுவே முதல் தடவை.

சாயங்காலம் பஞ்சாமிர்த டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது குருசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, போறதுக்கு நம்மகிட்ட நூறு பாட்டு இருக்கு. ஊருக்குள்ள திரும்பி நுழையிறதுக்கு ஒண்ணுகூட இல்ல. வருஷா வருஷம் ஊர் எல்லையில போறப்ப பாடுன பாட்டையே பாடுறோம். வா வான்னு கூப்பிடுறோம், வரம் கொடுன்னு கேக்குறோம். அதான் கொடுத்துட்டானே! வாங்கிட்டு வந்தவன் வாசல்ல நின்னு மறுபடி கேக்கலாமா? நீ ஒரு பாட்டு எழுது."

ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கும்மிப் பாட்டு எழுதிக் கொடுத்த பழக்கம் எனக்கு உண்டு. அதை நம்பித்தான் கேட்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆறு நாள் இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன், விருப்பாச்சி

விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். நிலா மேற்கே நிற்க, கல் பதித்த நடைபாதையில் எங்கள் நிழல் எங்களுக்கு முன்னாலேயே நடந்தது. குளிர் அதிகம். பனி தலைத்துண்டில் இறங்கி, ஐந்து மணிக்கெல்லாம் துண்டைப் பிழியலாம்போல ஆகிவிட்டது.

போகும்போது இதே ரோட்டில் கொஞ்சம் நடந்தால் ஒரு பந்தல் இருந்தது. சுக்குக்காப்பி, பொங்கல், தக்காளிச் சாதம், கால் வலிக்குத் தைலம் என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார்கள். இன்று பந்தல் எல்லாம் பிரித்தாயிற்று, ரோட்டோரம் மூங்கில் கட்டு கிடக்கிறது. சத்திரப்பட்டியில்தான் முதல் டீ, 12 ரூபாய். காசு கொடுத்து டீ குடிப்பதே புதிதாக இருந்தது. ஒரு வாரமாக நாங்கள் எவ்வளவு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம் என்பது அந்த 12 ரூபாயை எண்ணி வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

நடந்துகொண்டே முதல் பாட்டைக் கட்டினேன். போகும்போது பாடுகிற மெட்டிலேயே, நாலு நாலு அசையாக விழுகிற வேகமான நடை. "மலையிறங்கி வருகிறோமே மனம்நிறைஞ்சு வருகிறோமே" என்று ஆரம்பம். சிந்துப் பாட்டில் குறில் நெடில் பெரிய விஷயமில்லை, ஒவ்வோர் உயிரோசைக்கும் ஒரு எண்ணிக்கைதான். ம-லை-யி-றங், கி-வ-ரு-கி, றோ-மே என்று நாலு நாலாக எண்ணிக்கொண்டே போய், குறைகிற இடத்தில் ஓசையை இழுத்து நிரப்பினால் சரியாக வந்துவிடும். எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

விருப்பாச்சிக்கு முன்னால் எல்லோரையும் பாடச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே கூட்டம் திணறியது. பாட்டு ஓடுகிறது, கால் வரவில்லை. போகிற பாட்டின் வேகம் புதுக்காலின் வேகம். ஊரை விட்டுக் கிளம்பிய முதல் நாள் நிமிஷத்துக்கு நூற்றுப்பத்து காலடி வைத்த கால்கள், இப்போது எண்பதுதான் வைக்கின்றன. நான் கடிகாரம் பார்த்து எண்ணினேன். பாட்டுக்காகக் காலை வேகப்படுத்தினால் மூச்சு வாங்குகிறது. காலுக்காகப் பாட்டை மெதுவாக இழுத்தாலோ நாலு அசை நடை இழவு வீட்டுப் பாட்டு மாதிரி தொங்குகிறது. இரண்டுமே ஊர் நுழைகிற பாட்டுக்கு ஆகாது.

இங்கே ராத்திரி ஒரு தோட்டத்துக்காரர் களத்தில் படுக்க இடம் கொடுத்தார். மலை வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்து வைத்தார். பஞ்சாமிர்தத்தில் போடுகிற அதே விருப்பாச்சிப் பழம். சின்னது, தோல் தடிமன், இனிப்போடு லேசான புளிப்பு. எங்கள் பெயரையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. "காலைல மோட்டார் போடுவேன், குளிச்சுட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 13, வியாழன், ரெட்டியார்சத்திரம்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைக் கடக்கவே அரை மணி நேரம் ஆனது. லாரி, முருங்கைக்காய்க் கட்டு, தக்காளிப் பெட்டி. ஒரு சுமைதூக்குகிற அண்ணன், தலையில் மூட்டையோடு நின்று எங்களுக்கு வழி விட்டார். நாங்கள்தான் ஒதுங்கியிருக்க வேண்டும்.

மத்தியானம் என் இடது குதிகாலில் கொப்புளம் உடைந்தது. செருப்பில்லாமல் நடக்கிறோம். தார் ரோட்டுக்கு வெயில் ஏறிய பிறகு ஒரு மணி நேரம் தாங்குவதே கஷ்டம். ஒரு வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து துண்டைக் கிழிக்கப் பார்த்தேன், அது தடிமனான துண்டு, கிழியவில்லை. கொல்லையிலிருந்து ஒரு பாட்டி வந்தார். காலைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இடுப்பில் செருகியிருந்த சேலை முந்தானையை உருவி, ஓரத்தைப் பல்லில் வைத்து ஒரு கடி கடித்து, சர்ரென்று ஒரு முழத்துக்குக் கிழித்தார். மஞ்சள் பூசி அவரே கட்டியும் விட்டார். பழைய நூல் சேலை, ஆனாலும் அன்றாடம் கட்டுகிற சேலைதான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "நடக்குறப்ப குதியை ஊனாத, விரலை ஊனு" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

அந்தக் கட்டோடு நொண்டி நடந்தபோதுதான் பாட்டின் நடை எனக்குக் கிடைத்தது.

கூட்டத்தின் கடைசியில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் கம்பு ஊன்றி வருகிறார். நானும் பின்தங்கி அவரோடு சேர்ந்துகொண்டேன். அவருக்குக் கம்பும் காலும் ஒன்றாக விழுவதில்லை. முதலில் கம்பு, அப்புறம் வலது கால், அப்புறம் இடது கால். டக், தப், தப். மறுபடி டக், தப், தப். அரை மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். மூன்று! நாலில்லை, மூன்று. களைத்த கூட்டத்தின் நடை மூன்று அசை நடை. சிந்தில் அதற்குப் பெயரே இருக்கிறது, மும்மை நடை. பெயர் தெரிந்திருந்தும் அதைக் காதால் கேட்க அந்தக் கம்பு தேவைப்பட்டது.

கணக்கு இப்படி. இரண்டு காலடிக்கு ஒரு சீர், ஒரு சீருக்கு மூன்று அசை. நாலு சீரானால் பாட்டில் அரை அடி, அதற்கு எட்டுக் காலடி. நிமிஷத்துக்கு எண்பது காலடி நடக்கிறவனுக்கு அது ஆறு விநாடி. களைத்த ஆள் ஒரு மூச்சில் பாட ஆறு விநாடிதான் எல்லை. அதற்கு மேல் இழுத்தால் வரியின் கடைசிச் சொல் காணாமல் போகும். பாடச் சொல்லிக் கேட்டால் இது உடனே தெரிந்துவிடும், எல்லோரும் ஒரே இடத்தில் கடைசிச் சொல்லை விழுங்குவார்கள். அதனால் அரை அடி முடிகிற இடத்தில் "அம்மா", "தண்ணீர்" மாதிரி தனிச்சொல் ஒன்றை நிறுத்தி, அதை இழுத்து, அப்போது மூச்சு வாங்க இடம் கொடுக்க வேண்டும்.

ராத்திரி நோட்டில் எட்டு வரி எழுதினேன். நடை கிடைத்துவிட்டது, ஆனால் முதல் வரிக்கான சொல் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி, சாணார்பட்டி

திண்டுக்கல்லை விடியுமுன் கடந்துவிட்டோம். ஊருக்குள் ஒரு இட்லிக் கடையில் நாலு இட்லியும் மல்லிச் சட்னியும் சாப்பிட்டோம். கடைக்காரம்மா 21 இலையையும் எண்ணிவிட்டு, "பத்தொம்பது இலைக்குக் காசு கொடுங்க, ரெண்டு இலை முருகன் கணக்கு" என்றார்கள்.

இன்றுதான் கெட்ட நாள். தண்ணீர்க் கேன் மூடி சரியாக மூடாமல் என் பைக்குள் கவிழ்ந்து, நோட்டு முழுக்க நனைந்து, பேனா மை எல்லாம் கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. முந்தாநாளிலிருந்து எழுதிய அத்தனையும் போயிற்று. ரோட்டோரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வெயிலில் பிரித்து வைத்தேன். மனசு மிகவும் நொந்துபோனது.

கூட வந்த பள்ளிக்கூட வாத்தியார் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "எழுதுனது போனா போகுது. பாடுனவங்களைக் கேளு, யாருக்கு என்ன ஞாபகம் இருக்கோ அதை எழுது." நடந்துகொண்டே ஒவ்வொருவராகக் கேட்டேன். நேற்று ராத்திரி இரண்டே தடவைதான் பாடிக் காட்டியிருந்தேன். "கருணை மழை", "ஞான ஒளி" என்று நான் ஆசையாக எழுதிய வரிகள் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. தண்ணீர் பற்றிய வரி பதினோரு பேருக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. சேலை கிழித்த பாட்டி வரியை, அதை நேரில் பார்க்காதவர்கள்கூடச் சொன்னார்கள். மறந்துபோன வரிகளை நான் திரும்ப எழுதவில்லை.

எஞ்சியது இதுதான்:

பேர்கேட்டுத் தந்தவர் இல்லை — தண்ணீர்
ஊர்கேட்டுத் தந்தவர் யாருமே இல்லை
கொப்புளம் கண்டதும் சேலை — ஓரம்
அப்படிக் கீறித்தந் தாள்ஒரு பாட்டி

வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். பேர்-கேட்-டுத், தந்-த-வர், இல்-லை என்று மும்மூன்றாக விழும். "இல்லை" இரண்டு அசைதான், மூன்றாவதை இழுத்து நிரப்புகிறோம். அந்த இழுப்பில்தான் கம்பு ஊன்றுகிறவருக்கும் மற்றவர்களுக்கும் கால் ஒன்றுசேர்கிறது.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. நன்றி என்ற சொல்லே இதில் இல்லை. முதலில் எழுதியதில் "நன்றி நன்றி" என்று ஒரு வரி இருந்தது, தண்ணீரோடு கரைந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒருத்தரும் கேட்கவில்லை. கொடுத்தவர் என்ன செய்தார் என்று சொல்லிவிட்டால் போதும், கேட்கிறவர்கள் மனசு தானாக நெகிழ்கிறது.

பிப்ரவரி 15, சனி, நத்தம்

காலையில் வலதுகைப் பக்கம் சிறுமலை முழுக்கப் பனிமூட்டம். கோபால்பட்டி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு, பூ வாசம். தூக்கக் கலக்கம் எல்லாம் போய்விட்டது.

கோபால்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணையில் மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்து, பழக்க தோஷத்தில் "போயிட்டு வாரோம்மா" என்றேன். அந்த வீட்டு ஆச்சி சிரித்துக்கொண்டே, "வாரோம்னு சொல்லிட்டீங்க, அடுத்த வருசம் வரணும். சொன்னா சொன்னதுதான்" என்றார்.

பத்தடி நடந்து நின்றுவிட்டேன். நம்மில் யாராவது வெறுமனே போகிறேன் என்று சொல்லிக் கிளம்புகிறோமா? போய் வருகிறேன் என்றுதான் சொல்கிறோம். நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய அன்றும் வாசலில் நின்றவர்களிடம் அதைத்தான் சொன்னோம். சொன்ன நேரத்தில் அது ஒரு வாக்கு. ஊர் எல்லையில் வந்து நிற்கும்போது அந்த வாக்குக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அப்படியானால் பாட்டின் முதல் வரி முருகனிடம் சொல்வதில்லை, வாசலில் நின்றவர்களிடம் சொல்வது. ரோட்டோரமே உட்கார்ந்து எழுதினேன்.

போய்வரு வோமென்று சொன்னோம் — அம்மா
போனவர் எல்லோரும் வந்துநிற் கின்றோம்

சாயங்காலம் இதைக் குருசாமியிடம் பாடிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது தடவையும் கேட்டார். "எல்லோரும்னு பாடுறியே, அதுதான் தம்பி பெரிய வரம்" என்றார். ரோட்டோரம் இருட்டில் நடக்கிற கூட்டத்தில் வண்டி மோதி ஆள் போன செய்தி வராத வருஷம் குறைவு. எங்கள் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறது, கையில் வெளிச்சக் குச்சி இருக்கிறது. இருந்தாலும் 46 பேரும் முழுசாகத் திரும்புவது தானாக நடக்கிற காரியமில்லை. அந்தச் சொல்லை நான் எண்ணிக்கை சரிக்கட்டத்தான் போட்டேன், உண்மையைச் சொல்கிறேன். அவர் சொன்ன பிறகு அதை வேறு மாதிரி பாட ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு, கொட்டாம்பட்டி

சமுத்திராப்பட்டி வழியாக வந்தோம். பகல் வெயில் கடுமை, ஒரு கடையில் கம்மங்கூழ் 20 ரூபாய், மோர்மிளகாய் கேட்ட மட்டும் கொடுத்தார்கள்.

மீதமிருந்தது உறுதி. திரும்பி வந்தவன் இனி என்ன செய்யப் போகிறான்? குருசாமி இதைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னார். "ஆனா சத்தம் போடாம இருக்கணும்" என்றும் சொன்னார். நான் முதலில் எழுதியது, "நல்லவ ராய்நாங்கள் வாழ்வோம் — என்றும் நாலுபேர்க் கேதண்ணீர் வார்ப்போம்". இருபது பேர் சேர்ந்து வாழ்வோம், வார்ப்போம் என்று பாடினால் அது கட்சி ஊர்வலம் மாதிரி ஆகிவிடுகிறது. பையன்கள் இரண்டு பேர் தன்னையறியாமல் கையை மேலே தூக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, -ஓம் என்று முடிகிற எதிர்காலச் சொல்லை வரிக்கு வரி அடுக்கினால் கை தானாக எழும்பும்.

உறுதி அடக்கமாக இருக்க வேண்டுமானால் செய்கிறவன் வரியில் இருக்கக்கூடாது, செய்த பொருள்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊர் முக்கில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வேம்பு உண்டு. அங்கே ஒரு தண்ணீர்ப் பானை வைக்கலாம் என்று நத்தத்தில் படுத்திருந்தபோதே பேசிக்கொண்டோம். வழியெல்லாம் குடித்த தண்ணீருக்கு அதுதான் சரியான பதில் என்று எல்லோருக்கும் பட்டது. அதையே வைத்தேன்:

ஊர்முக்கு வேம்படிப் பானை — நாளை
யார்வந்து நின்றாலும் நீர்மொண்டு கொள்வார்

வைப்போம் என்பதே இதில் இல்லை. பானை இருக்கிறது, யாரோ வந்து நிற்கிறார், மொண்டுகொள்கிறார். கையைத் தூக்க இதில் இடமில்லை. பாடி முடித்ததும் கம்புப் பெரியவர், "மொண்டுன்னு எங்கப்பா நம்ம ஊர்ல சொல்றோம்? மோந்துன்னு போடு" என்றார். மோந்து என்று மாற்றினேன். அதுவும் இரண்டே அசை, நடை கெடவில்லை.

இன்னொரு கோளாறு. இருபத்தொரு பேரும் ரோட்டில் நூறு மீட்டருக்கு நீண்டு நடக்கிறோம். முன்னால் பாடினால் பின்னால் இருப்பவர்கள் எப்போதும் தாளம் தவறி முடிக்கிறார்கள். ஆரம்பத்தில் கவனக்குறைவு என்று நினைத்தேன். வாத்தியார் அண்ணன்தான் விளக்கினார். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும், நூறு மீட்டர் பின்னால் இருப்பவருக்கு ஒரு விநாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாமதமாக வரும் என்றார். எங்கள் நடையில் அது கிட்டத்தட்ட அரைக் காலடி. எவ்வளவு கவனமாகப் பாடினாலும் பின்னால் இருப்பவர் அரைக் காலடி தள்ளித்தான் பாடுவார். ஆகவே ஊர் எல்லைக்கு முன் எல்லோரும் இருபது மீட்டருக்குள் நெருங்கி, கம்பு ஊன்றுகிறவரை முன்னால் விட்டு, அவர் கம்புச் சத்தத்துக்குப் பாடுவது என்று முடிவானது.

பிப்ரவரி 17, திங்கள், ஊர்

ராத்திரி தூக்கம் வரவில்லை. பாட்டை மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தேன். சொன்னோம், நிற்கின்றோம் என்று எல்லாம் எங்களைப் பற்றியே இருந்தது. போனவர்கள் பாடுகிற பாட்டில் போகாதவர்களுக்கு என்ன வேலை? அவர்கள் நின்று கேட்க வேண்டியதுதானா?

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அப்பத்தா இருக்கிறார்கள். நாங்கள் கிளம்பியதிலிருந்து என் வீட்டு மாட்டுக்குக் காலையும் சாயங்காலமும் தண்ணீர் வைப்பது அவர்கள்தான். வருஷா வருஷம் கேட்பேன், வருஷா வருஷம் சரி என்பார்கள். அவர்கள் பழனி போனதே இல்லை. அவர்களுக்கு இந்தப் பாட்டில் இடமில்லை என்றால் அது பொய்ப் பாட்டு.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது, நாங்கள் என்றும் சொல்லலாம், நாம் என்றும் சொல்லலாம். நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே, நாம் என்றால் அவரும் உள்ளே. பாட்டு ஊர் எல்லையில் "நாங்கள்" என்று தொடங்கி, எல்லையைத் தாண்டும்போது "நாம்" ஆகிவிட வேண்டும். சிங்கம்புணரியில் டீ குடிக்க நின்றபோது, கடைப் பெஞ்சில் வைத்துக் கடைசி நாலு வரியை எழுதினேன்.

வீட்டினில் நின்றவர் நீங்கள் — எங்கள்
மாட்டுக்குத் தண்ணீர்வைத் தீர்நித்தம் நித்தம்
நாங்கள்ந டந்ததில் பாதி — அம்மா
நீங்கள்ந டந்தது நாம்சேர்ந்து வந்தோம்

இதைப் பானை வரிக்கு முன்னால் வைத்தேன். அப்போதுதான் பானை நாங்கள் மட்டும் வைத்த பானையாக இல்லாமல் ஊர்ப் பானையாகிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊருணிக்கரைக்கு வந்தோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். எல்லையில் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்ட 25 பேரும் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். கம்பு முன்னால், டக், தப், தப். "போய்வருவோமென்று சொன்னோம்" என்று குருசாமி எடுத்தார். அடிக்குரலில்தான் எடுத்தார். பெண்கள் குரலும் பிள்ளைகள் குரலும் சேரும் என்று தெரிந்து கீழே வைத்துக்கொண்டார்.

காலில் தண்ணீர் ஊற்ற ஊற்றப் பாடினோம். ஆறு நாள் தார் ரோட்டில் வெந்த காலில் அந்தக் குளிர்ச்சி பட்டபோது எனக்குக் குரல் இரண்டு தடவை உடைந்தது. மாட்டுக்குத் தண்ணீர் வரி வந்தபோது நான் அப்பத்தாவைத் தேடினேன். கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார்கள். வரி புரிய ஒரு கணம் ஆனது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். "நாம்சேர்ந்து வந்தோம்" என்று இரண்டாவது தடவை திருப்பியபோது, நாங்கள் சொல்லிக்கொடுக்காமலே வாசலில் நின்றவர்கள் எடுத்துப் பாடினார்கள். "வந்தோம்" மட்டும்தான், அதுவும் இழுத்து.

என் கட்டை அவிழ்த்தபோது அந்தச் சேலைத் துண்டு இன்னும் கிழியாமல் இருந்தது. துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 19, புதன், ஊர்

வேளார் வீட்டில் இரண்டு பானை வாங்கினோம், ஒன்று 250 ரூபாய். புதுப் பானையில் முதல் நாள் ஊற்றிய தண்ணீர் மண் வாசம் அடிக்கும், கசியவும் செய்யும், ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்துக் கொட்டிவிட்டுத்தான் குடிக்க வைக்க வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். இன்று காலை வேம்படியில் மணல் கொட்டி, பானையை மணலில் பதித்து, ஈயத் தட்டு மூடி, பிடி நீளமான ஒரு அகப்பையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். தினம் காலையில் தண்ணீர் மாற்றவும், வாரம் ஒரு தடவை உள்ளே தேய்த்துக் கழுவவும் வீட்டுக்கு ஒரு வாரம் முறை போட்டிருக்கிறோம். முதல் வாரம் என் முறை.

பத்து மணி பஸ்ஸில் ஒரு ஆள் இறங்கினார். எங்கள் ஊர்க்காரர் இல்லை, தோளில் பழைய பாத்திர மூட்டை. தட்டைத் தூக்கினார், மோந்து குடித்தார், இன்னொரு அகப்பைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார். தட்டை மறக்காமல் மூடிவிட்டுத் தெற்குத் தெருப் பக்கம் நடந்தார்.

யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.